சம்பளச் சீட்டில் இரண்டு பிடித்தம்

நவம்பர் மாதச் சம்பளம் டிசம்பர் முதல் வாரத்தில் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. குறுஞ்செய்தியில் 19,440 ரூபாய் என்று இருக்கிறது. போன மாதம் வந்தது 23,200. ஜூன் மாதச் சம்பளம்வரை தவறாமல் வந்துகொண்டிருந்தது 28,200. சென்னையில் மின்சாதனங்களை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில், கிடங்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவருடைய கணக்கு இது என்று வைத்துக்கொள்வோம். சம்பளச் சீட்டைத் திறந்தால், ‘சேலரி அட்வான்ஸ் ரெக்கவரி’ என்று ஒரு வரி, ‘எல்.ஓ.பி. 4 நாள்’ என்று இன்னொரு வரி. ஹெச்.ஆர். பிரிவில் கேட்டால், “சிஸ்டம்ல அப்படித்தான் சார் வந்திருக்கு” என்கிறார்கள். அவர் எழுத்தில் விளக்கம் கேட்கிறார். அந்தப் பதில் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் நம் விஷயம்.

பெரும்பாலான நிறுவனங்கள் அனுப்பும் பதில் இரண்டே வரிதான். நிறுவன விதிகளின்படி பிடித்தம் செய்யப்பட்டுள்ளது, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. இதை எழுதாமலே இருந்திருக்கலாம். எந்த விதி, எத்தனை நாள், எந்தத் தேதி, இன்னும் எவ்வளவு பாக்கி என்ற நான்கில் ஒன்றுக்குக்கூட அதில் விடை இல்லை.

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது, இந்த இரண்டு பிடித்தமும் ஒரே இனம் அல்ல என்பது. முன்பணம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட பணம். ஜூன் மாதம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக நாற்பதாயிரம் வாங்கினார். இப்போது உழைத்துச் சேர்த்த சம்பளத்திலிருந்து அதைத் தவணையாகத் திருப்பித் தருகிறார். எல்.ஓ.பி. அப்படியல்ல. அந்த நான்கு நாளுக்கான சம்பளம் உருவாகவே இல்லை. ஒன்று சம்பாதித்த பிறகு கழிவது, இன்னொன்று சம்பாதிக்காமலே போனது. சீட்டில் இரண்டும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்பதால் இரண்டு தண்டனைபோலத் தெரிகிறது.

இந்த வேறுபாடு வெறும் விளக்கத்துக்கானது அல்ல, கணக்கையே மாற்றுவது. நம் ஊழியரின் மொத்தச் சம்பளம் 30,000. அதில் அடிப்படைச் சம்பளம் 15,000, மீதி வீட்டு வாடகைப் படியும் மற்றப் படிகளும். வழக்கமாக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், பி.எஃப்.புக்குப் போகும். மீதி 28,200. அட்வான்ஸ் தவணை 5,000 தொடங்கியதும் கைக்கு வந்தது 23,200. தவணை தொடங்கியதால் பி.எஃப். ஒரு ரூபாய்கூட மாறவில்லை. மாறவும் கூடாது, ஏனென்றால் அவர் முழு மாதமும் உழைத்து முழுச் சம்பளத்தையும் ஈட்டியிருக்கிறார்.

நவம்பரில் நான்கு நாள் சம்பளமில்லா விடுப்பு விழுகிறது. முப்பது நாள் மாதம், நாளுக்கு 1,000 வீதம் 4,000 குறைந்து, ஈட்டிய சம்பளம் 26,000 ஆகிறது. அடிப்படைச் சம்பளமும் அதே விகிதத்தில் 13,000 ஆகிவிடுவதால் பி.எஃப். 1,560 மட்டும்தான். தவணை 5,000 போக, கையில் 19,440. போன மாதத்தோடு ஒப்பிட்டால் 3,760 தான் குறைவு. நான்கு நாளுக்கு 4,000 என்று சொல்லிவிட்டு 3,760 குறைந்தால், கவனமாகக் கணக்குப் பார்க்கும் ஊழியருக்கு அதுவும் சந்தேகத்தைத்தான் தரும். அந்த 240 ரூபாய் பி.எஃப். குறைந்ததால் கைக்கு வந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். நிறுவனம் தன் பங்காகப் போடும் பி.எஃப்.பிலும் அதே 240 குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. விடுப்பின் உண்மையான விலை அந்த மாதச் சம்பளத்தோடு முடிவதில்லை.

இதிலிருந்து ஊழியர் தானே செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனை கிடைக்கிறது. சீட்டில் உள்ள பி.எஃப். தொகையை நூறால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். 1,560-க்கு 13,000 வரும். அந்த மாதம் ஈட்டிய அடிப்படைச் சம்பளத்தோடு அது பொருந்தினால் சரி. அதைவிடக் குறைவாக வந்தால், யாரோ அட்வான்ஸ் தவணையையும் மொத்தச் சம்பளத்திலேயே கழித்துவிட்டு அதன்மேல் பி.எஃப். போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். (இந்தச் சோதனை பி.எஃப். முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிடிக்கப்படும் இடத்தில்தான் செல்லும். 15,000 உச்சவரம்போடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்களில் அதற்கு மேல் சம்பளம் உள்ளவர்களுக்குச் செல்லாது.)

எல்.ஓ.பி.யில் அடிக்கடி நடக்கும் தவறு வேறு. சில மென்பொருள்கள் வருமானப் பத்தியிலேயே குறைத்து 26,000 என்று காட்டும். சில, வருமானத்தை 30,000 என்றே வைத்துக்கொண்டு பிடித்தப் பத்தியில் 4,000 காட்டும். இரண்டும் சரியே. மென்பொருளை மாற்றும்போதோ, கையால் ஏதாவது திருத்தும்போதோ இரண்டு இடத்திலும் குறைந்துவிடுவது உண்டு. வருமானப் பத்தியைக் கூட்டினால் 26,000 வருகிறது, அப்புறம் பிடித்தத்திலும் 4,000 நிற்கிறது என்றால் இரட்டைப் பிடித்தம் நடந்திருக்கிறது. விளக்கக் கடிதம் எழுத உட்காரும் அலுவலர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பார்க்காமல் “விதிப்படி சரி” என்று எழுதிவிட்டுப் பிறகு திருத்துவது பெரிய தலைகுனிவு.

ஒரு நாள் சம்பளம் என்றால் எவ்வளவு? கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்வியில்தான் பாதிச் சண்டை நடக்கிறது. மாதத்தின் நாள்களால் வகுப்பது ஒரு முறை. 30,000 சம்பளத்துக்கு நவம்பரில் ஒரு நாள் 1,000, டிசம்பரில் 968, 28 நாள் உள்ள பிப்ரவரியில் 1,071. ஞாயிறுகளை நீக்கி 26-ஆல் வகுப்பது இன்னொரு முறை. அப்போது ஒரு நாள் 1,154. இரண்டுமே நம் ஊர் அலுவலகங்களில் நடைமுறையில் உள்ளவை.

ஒவ்வொரு முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. முப்பதால் வகுத்து, வேலை நாள்களை மட்டும் விடுப்பாக எண்ணினால், மாதத்தில் ஒரு நாள்கூட வராதவருக்கும் நான்கு ஞாயிறுக்கான 4,000 போய்ச் சேரும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் பல நிறுவனங்கள் ‘சாண்ட்விச் லீவு’ விதியைக் கொண்டுவந்தன: இரண்டு பக்கமும் விடுப்பு, நடுவில் ஞாயிறு என்றால் அந்த ஞாயிறும் விடுப்புக் கணக்கில் சேரும். நம் ஊழியர் வியாழன், வெள்ளி, சனி, அடுத்த திங்கள், செவ்வாய் என ஐந்து வேலை நாள்கள் காய்ச்சலில் படுத்திருந்தார். ஒரு நாள் தற்செயல் விடுப்பு மீதம் இருந்ததால் நான்கு நாள் எல்.ஓ.பி. ஞாயிறையும் சேர்த்தால் ஐந்து நாள், 5,000 ரூபாய்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்த 1936-ம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், மாதம் 24,000 ரூபாய்வரை வாங்குபவர்களுக்குத்தான் பொருந்தியது. நம் ஊழியரைப்போல 30,000 வாங்குபவர் அந்தக் குடைக்கு வெளியே இருந்தார். புதிய தொகுப்பில் அந்த உச்சவரம்பு இல்லை. அதன் 20-ம் பிரிவு, வராத நாளுக்கான பிடித்தத்துக்கு ஒரு விகிதத்தை வைக்கிறது: வேலை செய்ய வேண்டியிருந்த மொத்தக் காலத்தில் எத்தனை பங்கு வராமல் போனாரோ, சம்பளத்தில் அந்தப் பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஞாயிறு நீங்கலாக 26 வேலை நாள் உள்ள மாதத்தில் நான்கு நாள் வரவில்லை என்றால், உச்சம் 30,000-இல் இருபத்தாறில் நான்கு பங்கு, அதாவது 4,615 ரூபாய். மாத நாள்களால் வகுக்கும் முறையில் பிடித்த 4,000 இதற்குள் அடங்குகிறது. 26-ஆல் வகுத்தாலும் சரியாக எல்லையில் நிற்கிறது. ஞாயிறையும் சேர்த்துப் பிடித்த 5,000 எல்லையைத் தாண்டுகிறது. நிறுவனத்தின் கையேட்டில் அச்சாகியிருக்கிறது என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. 26-ஆல் வகுத்துவிட்டு ஞாயிறையும் எண்ணுவது இன்னும் மோசம். சம்பளமே இல்லை என்று ஒதுக்கிய நாளுக்குச் சம்பளத்தைப் பிடிப்பதுதான் அது. எந்த முறையைப் பின்பற்றினாலும் கடிதத்தில் அதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும், மாதத்துக்கு ஒன்றாக மாற்றக் கூடாது.

வகுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா? 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஓராண்டு வேலை முடித்தவருக்கு 12 நாள் விடுமுறையும், அதோடு நோய்க்கு 12 நாள்வரையும், மற்ற நியாயமான காரணங்களுக்கு 12 நாள்வரையும் சம்பளத்தோடு தருகிறது. விண்ணப்பத்தில் ‘கேஷுவல் லீவ்’ என்று எழுதியதால், அது தீர்ந்ததும் மீதியை மென்பொருள் நேராக எல்.ஓ.பி.யில் தள்ளிவிடும், நோய் விடுப்பு ஆறு நாள் தொடாமல் கிடக்கும். மருத்துவச் சான்றைக் கொடுத்து மாற்றச் சொன்னால் மாற்றித் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன, கேட்காதவருக்குத் தாமாகச் சொல்கிற நிறுவனங்கள் குறைவு. கடிதத்தில் விடுப்பு வாரியாக மீதத்தைக் காட்டிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு குழப்பம் வருகைப் பதிவின் கட்-ஆஃப் தேதியால் வருவது. சம்பளத்தை மாதக் கடைசியில் தயாரிக்க வேண்டும் என்பதால் பல இடங்களில் 25-ம் தேதியோடு பதிவை மூடிவிடுவார்கள். அக்டோபர் 28-ல் எடுத்த விடுப்பு நவம்பர்ச் சீட்டில் வந்து நிற்கும். “நான் இந்த மாதம் லீவே போடலையே” என்று ஊழியர் சொல்வதும், “போட்டிருக்கிறீர்கள்” என்று அலுவலகம் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கும். தேதியை எழுதினால் தீர்ந்தது.

இவை எல்லாவற்றையும் உள்ளடக்கிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“அன்புடையீர், நவம்பர் மாதச் சம்பளம் குறைவாக வந்தது பற்றி நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கணக்கைச் சரிபார்த்துவிட்டு இந்த விளக்கத்தை அனுப்புகிறோம்.

நவம்பர் 11 வியாழன் முதல் 16 செவ்வாய் வரை நீங்கள் பணிக்கு வரவில்லை. 14-ம் தேதி ஞாயிறு, அதை விடுப்பாகக் கணக்கிடவில்லை. மீதி ஐந்து நாள்களில் ஒன்றை, மீதமிருந்த ஒரே தற்செயல் விடுப்பில் சேர்த்தோம். நோய் விடுப்பு 12 நாளும் செப்டம்பர் மாதத்தோடு முடிந்துவிட்டது. ஆண்டு விடுமுறை 12 நாளையும் மே மாதம் எடுத்துவிட்டீர்கள். எனவே நான்கு நாள் சம்பளமில்லா விடுப்பு. எங்கள் நிறுவனத்தில் மாதத்தின் மொத்த நாள்களால் வகுத்தே ஒரு நாள் சம்பளத்தைக் கணக்கிடுகிறோம். 30,000-ஐ 30-ஆல் வகுத்து, நான்கு நாளுக்கு ரூ.4,000.

ஜூன் மாதம் நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின்படி ரூ.40,000 முன்பணம் வட்டியின்றி வழங்கப்பட்டது. ஜூலைச் சம்பளம் முதல் மாதம் ரூ.5,000 வீதம் எட்டுத் தவணை. நவம்பரில் பிடித்தது ஐந்தாவது தவணை. இதுவரை ரூ.25,000 திரும்பியுள்ளது, பாக்கி ரூ.15,000. பிப்ரவரிச் சம்பளத்தோடு முடியும். விண்ணப்பத்தின் நகலை இணைத்துள்ளோம்.

ஈட்டிய சம்பளம் ரூ.26,000. அதில் பி.எஃப். ரூ.1,560, முன்பணத் தவணை ரூ.5,000 போக, உங்கள் கணக்கில் செலுத்தியது ரூ.19,440. விடுப்பால் அடிப்படைச் சம்பளம் குறைந்ததால் பி.எஃப். வழக்கமான ரூ.1,800-லிருந்து ரூ.240 குறைந்துள்ளது, நிறுவனத்தின் பங்கும் அவ்வாறே.

வருகைப் பதிவில் தவறு இருப்பதாகக் கருதினால் தேதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தவறு உறுதியானால் அடுத்த சம்பளத்துக்குக் காத்திராமல் தொகையைத் தனியாகச் செலுத்துவோம். டிசம்பர் தவணையைப் பாதியாகக் குறைக்க விரும்பினால் 20-ம் தேதிக்குள் தெரிவிக்கவும். குறைத்த ரூ.2,500 மார்ச் சம்பளத்தில் சேரும்.”

இந்தக் கடிதத்தில் மன்னிப்பும் இல்லை, உபதேசமும் இல்லை. இவ்வளவு விடுப்பு எடுக்கலாமா என்ற தொனியில் ஒரு வரி சேர்க்க அலுவலர்களுக்குக் கை துறுதுறுக்கும். அதை அடக்கிக்கொள்வது நல்லது. வருகைப் பதிவில் குறை இருந்தால் அதற்குத் தனிக் கடிதம் உண்டு. சம்பள விளக்கம் பணத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நகலை ஏன் இணைக்க வேண்டும் என்று கேட்கலாம். பெரிய சிக்கல்கள் அங்கேதான் பிறக்கின்றன. சிறு நிறுவனங்களில் முதலாளியிடம் நேரில் கேட்டு, கணக்காளர் மேசையில் பணத்தை எண்ணி வாங்கிக்கொள்வது வழக்கம். மாதம் எவ்வளவு பிடிப்பது என்று அப்போது யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஐந்தாயிரம் என்று ஊழியர் நினைத்திருப்பார், பத்தாயிரம் என்று கணக்காளர் போட்டிருப்பார். எழுத்து இல்லாதபோது இரண்டு பேருமே தங்கள் நினைவைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். கடைசித் தவணைக்குப் பிறகும் ஒரு மாதம் பிடித்துக்கொண்டே போவதும் இப்படிப்பட்ட இடங்களில்தான். சீட்டிலேயே ‘5/8, பாக்கி 15,000’ என்று அச்சிடும் வசதி சம்பள மென்பொருள்களில் உண்டு. அதை இயக்கி வைப்பவர்கள் குறைவு.

பிடித்தத்துக்கு ஓர் ஒட்டுமொத்த உச்சவரம்பும் இருக்கிறது. ஒரு சம்பளக் காலத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. நவம்பர்க் கணக்கில் விடுப்பு, பி.எஃப்., தவணை மூன்றும் சேர்ந்து 10,560 தான்; 30,000-இல் பாதியான பதினைந்தாயிரத்துக்கு எட்டவில்லை. ஆனால் அவர் பன்னிரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பில் இருந்திருந்தால்? விடுப்புக்கு 12,000, குறைந்த அடிப்படைச் சம்பளத்துக்கு பி.எஃப். 1,080, தவணை 5,000. மொத்தம் 18,080. வராத நாளுக்கான பிடித்தமும் சட்டத்தின் பிடித்தப் பட்டியலில் உள்ள ஒன்றுதான் என்பதால், அந்த மாதம் தவணையை 1,920-க்குக் குறைத்துக்கொண்டு மீதியைப் பின்னால் தள்ளுவதே நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. நீண்ட நோய்க்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் ஊழியருக்கு அந்த மூவாயிரத்துச் சொச்சம் சின்னத் தொகை அல்ல.

பாக்கி இருக்கும்போதே வேலையை விட்டால் இந்த வரம்பு இன்னும் முக்கியமாகிறது. நம் ஊழியர் டிசம்பர் கடைசியில் ராஜினாமா செய்து விலகுகிறார் என்று கொள்வோம். டிசம்பர்த் தவணை போக 10,000 பாக்கி நிற்கும். புதிய தொகுப்பின்படி விலகிய இரண்டு வேலை நாளுக்குள் கடைசிச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்று சொல்லி நாற்பத்தைந்து நாள் இழுக்கும் பழைய பழக்கத்துக்கு அங்கே இடம் இல்லை. டிசம்பரில் விடுப்பு எதுவும் எடுக்காமல் முழுச் சம்பளம் ஈட்டியிருந்தால் பி.எஃப். 1,800, தவணை 5,000, பாக்கி 10,000 எல்லாம் சேர்ந்து 16,800 ஆகிறது. பாதி வரம்பு 15,000. மிச்சம் 1,800 ரூபாயைச் சம்பளத்திலிருந்து அப்படியே எடுத்துவிட முடியாது. பெரும்பாலும் ஊழியரே அதைத் தனியாகக் கட்டிவிடுவார். கட்டியதும் முன்பணக் கணக்கு முடிந்தது என்று ஒரு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளம் குறைவாக வந்தது என்று உரிய அதிகாரியிடம் முறையிட ஊழியருக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அந்தக் கடிதத்தையும் மாதச் சீட்டுகளையும் அதுவரை பத்திரமாக வைத்திருப்பது இரண்டு தரப்புக்கும் பயன்படும்.